ஒரு வெள்ளிக்கு வீட்டில் எத்தனை ரூபாய்?

அன்று சிங்கப்பூரில் பொது விடுமுறை. நானும், அறையில் எனக்கு மேல் கட்டிலில் படுக்கும் பேராவூரணிப் பக்கத்துத் தம்பியும் ஆளுக்கு 800 வெள்ளி, அதாவது சிங்கப்பூர் டாலர், ஊருக்குப் போட்டோம். நான் லிட்டில் இந்தியா பகுதியான தேக்காவில் வழக்கமாகப் போகும் கடையில் வரிசையில் நின்று போட்டேன். அவன் என் பக்கத்தில் நின்றபடியே கைபேசிச் செயலியில் போட்டுவிட்டான். மன்னார்குடிக்குப் பக்கத்தில் இருக்கும் என் வீட்டுக் கணக்கில் 49,280 ரூபாய் ஏறியது. அவன் அம்மாவின் கணக்கில் 49,650 ரூபாய் ஏறியது. ஒரே தொகை, ஒரே நேரம், 370 ரூபாய் வித்தியாசம்.

என்னைக் குழப்பியது அந்த 370 ரூபாய் அல்ல. என் கடையில் கட்டணமே கிடையாது. "கட்டணம் இல்லை" என்று தமிழில் பெரிதாக எழுதி ஒட்டியிருப்பார்கள். அதற்காகத்தான் பல வருடங்களாக அந்தக் கடைக்கே போய்க்கொண்டிருந்தேன். செயலிக்காரர்களோ தம்பியிடம் 5 வெள்ளி 60 காசு கட்டணம் பிடித்திருந்தார்கள். கட்டணம் கட்டியவன் வீட்டுக்கு அதிகமும், கட்டாத என் வீட்டுக்குக் குறைவும் போயிருந்தது.

இரவு ஊருக்குப் பேசும்போது அப்பாவிடம் இதைச் சொன்னேன். அவர் வெளிநாடு பார்த்ததில்லை, நாற்பது வருடமாக நெல் விற்றவர். உடனே கேட்டார்: "களத்துக்கு வருகிற வியாபாரி தரகு வேண்டாம், வண்டி வாடகை வேண்டாம் என்று சொல்கிறான் என்றால், மூட்டைக்கு என்ன விலை போடுகிறான் என்று பார்க்க வேண்டாமா?"

விஷயம் அதுதான். பணம் அனுப்பும் கடைக்கு வருமானம் வருகிற வழி இரண்டு. ஒன்று, ரசீதில் தெரிகிற கட்டணம். மற்றொன்று, ஒரு வெள்ளிக்கு அவர்கள் நமக்குத் தரும் ரூபாய் விலையில் இருக்கிறது. வங்கிகள் தங்களுக்குள் நாணயம் வாங்கி விற்கும் சந்தையில் ஒரு வாங்கும் விலையும் ஒரு விற்கும் விலையும் இருக்கும். இரண்டுக்கும் நடுவில் இருப்பதை நடுவிலை என்கிறேன். கூகுளில் "SGD INR" என்று தட்டினால் தெரிவது ஏறக்குறைய அதுதான். அன்று நாங்கள் பணம் போட்ட நேரத்தில் நடுவிலை 62 ரூபாய் 50 காசாக இருந்ததைத் தம்பி படம் பிடித்து வைத்திருந்தான். என் கடை போட்ட விலை 61 ரூபாய் 60 காசு. வெள்ளிக்கு 90 காசு அங்கேயே போய்விட்டது. 800 வெள்ளிக்கு அது 720 ரூபாய். ரசீதில் கட்டணம் என்ற இடத்தில் பூஜ்யம்தான் இருந்தது. அந்தப் பூஜ்யத்தை நம்பி நான் மாதாமாதம் 700 ரூபாய்க்கு மேல் கொடுத்திருக்கிறேன்.

நடுவிலையை நமக்கு அப்படியே தர யாருக்கும் கடமை இல்லை. கடைக்கு வாடகை இருக்கிறது, ஆள் கூலி இருக்கிறது, ஊரில் நம் கணக்கில் போடுவதற்கு முன்கூட்டியே ரூபாயை வாங்கி வைத்திருக்கவும் வேண்டும். அவர்கள் சம்பாதிப்பதில் எனக்கு மனவருத்தம் இல்லை. எவ்வளவு எடுக்கிறார்கள் என்பது எனக்குத் தெரிந்திருக்க வேண்டும், அவ்வளவுதான் என் கேள்வி.

அன்று நான் தாண்டிப் போன இன்னொரு கடையும் நினைவுக்கு வந்தது. அதே வரிசையில் நான்கு கடை தள்ளி இருக்கிறது. பலகையில் விலை 62 ரூபாய் 20 காசு, கட்டணம் 6 வெள்ளி என்று போட்டிருந்தது. 6 வெள்ளி என்றதும் உள்ளே எட்டிக்கூடப் பார்க்காமல் நடந்துவிட்டேன். 6 வெள்ளி எனக்கு இரண்டு வேளைச் சாப்பாடு. அந்த இரவு மூன்றையும் ஒரு தாளில் எழுதிப் பார்த்தேன்.

கணக்கு எளிதுதான், ஆனால் ஒரு விஷயத்தில் உறுதியாக இருக்க வேண்டும். என் பையிலிருந்து மொத்தம் எத்தனை வெள்ளி போகிறது என்பதை எல்லா இடத்துக்கும் ஒன்றாக வைக்க வேண்டும். கட்டணமும் அதற்குள்ளேயே அடங்க வேண்டும். சில இடங்களில் 800 அனுப்பக் கேட்டால் கட்டணத்தைத் தனியாக மேலே வாங்குவார்கள். சில இடங்களில் 800க்குள்ளேயே கழித்துக்கொள்வார்கள். இதைக் கவனிக்காமல் ஒப்பிட்டால் கணக்கு தொடக்கத்திலேயே கோணலாகிவிடும்.

என் கடை: 800 வெள்ளியும் அப்படியே மாறுகிறது. 61.60 விலையில் 49,280 ரூபாய்.

தாண்டிப் போன கடை: 6 வெள்ளி கட்டணம் போக 794 வெள்ளி. 62.20 விலையில் 49,386 ரூபாய் 80 காசு.

தம்பியின் செயலி: 5 வெள்ளி 60 காசு போக 794 வெள்ளி 40 காசு. அவர்கள் விலை நடுவிலையேதான், 62.50. வந்தது 49,650 ரூபாய்.

நடுவிலையில் எதுவும் பிடிக்காமல் போயிருந்தால் சரியாக 50,000 ரூபாய் வந்திருக்கும். ஆக, என் கடையில் செலவு 720 ரூபாய், அடுத்த கடையில் 613 ரூபாய், செயலியில் 350 ரூபாய். நூற்றுக்கு எவ்வளவு என்று பார்த்தால் 1.44, 1.23, 0.70. உலக வங்கியும் பணம் அனுப்பும் செலவை இப்படித்தான், கட்டணத்தையும் விலை வித்தியாசத்தையும் கூட்டித்தான் கணக்கிடுகிறது. 2030க்குள் இந்தச் செலவை நூற்றுக்கு 3க்குக் கீழே கொண்டுவர வேண்டும் என்பது ஐ.நா. வைத்திருக்கும் இலக்கு. எங்கள் வழி அந்த இலக்குக்குள்தான் இருக்கிறது. ஆனாலும் மாதம் 370 ரூபாய் மிச்சம் என்றால் வருடத்துக்கு 4,440 ரூபாய்.

இதைவிடச் சுருக்கமான ஒரு வழியை என் மனைவிதான் கண்டுபிடித்தாள். அவளுக்குக் கட்டணமும் தெரியாது, பலகை விலையும் தெரியாது. வந்த ரூபாயும், நான் சொல்லும் வெள்ளியும்தான் தெரியும். "வந்த ரூபாயை நீங்கள் கொடுத்த வெள்ளியால் வகுத்தால் போதாதா?" என்றாள். போதும். 49,280ஐ 800ஆல் வகுத்தால் 61.60. 49,386.80ஐ வகுத்தால் 61.73. 49,650ஐ வகுத்தால் 62.06. கட்டணம், விலை, நடுவில் யாராவது பிடித்தது எல்லாம் அந்த ஒரே எண்ணுக்குள் வந்துவிடுகிறது. அதற்கு அவள் "வீட்டு விலை" என்று பெயர் வைத்தாள். பழைய பள்ளி நோட்டு ஒன்றில் தேதி, போன வெள்ளி, வந்த ரூபாய், வீட்டு விலை, அந்த நேரத்து நடுவிலை என்று ஐந்து கட்டம் போட்டு இன்றுவரை எழுதி வருகிறாள்.

நோட்டு நான்கைந்து மாதம் ஓடிய பிறகு நான் எதிர்பார்க்காத ஒன்று தெரிந்தது. கட்டணம் இல்லாத கடை எப்போதுமே மோசம் என்று அறையில் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன். அது தவறு. எங்கள் அறையில் ஒரத்தநாட்டுக்காரர் ஒருவர் இருக்கிறார். வயதானவர், எல்லோருக்கும் அண்ணன். வீட்டில் மருந்துச் செலவு இருப்பதால் வாரம் 200 வெள்ளி போடுவார். நான் சொன்னதைக் கேட்டு, 6 வெள்ளி கட்டணம் வாங்கும் கடைக்கு மாறினார். இரண்டு வாரம் கழித்து, "தம்பி, எனக்குக் குறைகிறதே" என்றார்.

உட்கார்ந்து போட்டுப் பார்த்தோம். மேலே சொன்ன அதே விலைகளில் 200 வெள்ளிக்கு என் பழைய கடையில் 12,320 ரூபாய் வரும். 6 வெள்ளி கடையில் 194 வெள்ளிதான் மாறும், 12,066 ரூபாய் 80 காசு வரும். 250 ரூபாய்க்கு மேல் குறைவு. செயலியில் அந்தத் தொகைக்குக் கட்டணம் 2 வெள்ளி 60 காசு. 12,337 ரூபாய் 50 காசு வரும். பழைய கடைக்கும் செயலிக்கும் 17 ரூபாய்தான் வித்தியாசம். அண்ணனுக்குக் கண் பார்வை குறைவு, செயலியில் எண் தட்டுவது சிரமம். 17 ரூபாய்க்காக அவர் அந்தக் கஷ்டம் படத் தேவையில்லை.

காரணம் இது: கட்டணம் ஒரு முறைக்கு ஒன்று, 200 போட்டாலும் 2,000 போட்டாலும் அதே 6 வெள்ளி. விலை வித்தியாசமோ ஒவ்வொரு வெள்ளியிலும் பிடிக்கப்படுகிறது. தொகை ஏற ஏற அதுவும் ஏறும். ஆகவே இரண்டு கடைக்கும் நடுவில் ஒரு தொகை இருக்கும். அதற்குக் கீழே கட்டணமில்லாத கடை லாபம், மேலே கட்டணம் வாங்கும் கடை லாபம். அதைக் கண்டுபிடிக்கவும் ஒரு வகுத்தல் போதும். 6 வெள்ளி கட்டணத்தை அந்தக் கடை விலையிலேயே ரூபாயாக்கினால் 373 ரூபாய் 20 காசு. இரண்டு கடை விலைக்கும் வித்தியாசம் 60 காசு. 373.20ஐ 0.60ஆல் வகுத்தால் 622. அன்றைய விலையில் 622 வெள்ளிக்குக் கீழே அனுப்புகிறவர் என் பழைய கடையிலும், அதற்கு மேல் அனுப்புகிறவர் நான்கு கடை தள்ளியும் போயிருக்க வேண்டும்.

மாதச் சம்பளத்தைப் பிரித்துப் பிரித்து அனுப்பும் பழக்கம் இங்கே எவ்வளவு தின்கிறது என்பதும் இதிலிருந்தே தெரியும். 800 வெள்ளியை 6 வெள்ளி கடையில் ஒரே முறையாகப் போடாமல் நான்கு வாரமும் 200, 200 ஆகப் போட்டால் கட்டணம் மட்டும் 24 வெள்ளி. ஊருக்குப் போவது 48,267 ரூபாய் 20 காசு. ஏறக்குறைய 1,120 ரூபாய் குறைவு. வீட்டில் வாரா வாரம் செலவு இருந்தால், மாதத்தை ஒரே தவணையாக அனுப்பிவிட்டு வீட்டிலேயே பிரித்து எடுத்துக்கொள்ளச் சொல்லலாம். எல்லோர் வீட்டிலும் அது நடக்காது. கணக்கில் பணம் இருப்பது தெரிந்தால் கேட்க வருகிறவர்கள் எங்கள் தெருவிலும் உண்டு. அண்ணன் வாரம் தவறாமல் அனுப்புவதற்குக் காரணமே அதுதான். அவருக்கு ஏற்றது கட்டணமில்லாத கடை.

ஒப்பிடும்போது நான் செய்த தவறுகளையும் சொல்ல வேண்டும். முதலாவது, வேறு வேறு நேரத்து விலைகளை ஒன்றோடு ஒன்று வைத்துப் பார்த்தது. திங்கட்கிழமை ஒரு கடையில் 62.10 கொடுத்தார்கள், வியாழக்கிழமை இன்னொரு கடையில் 62.35 கொடுத்தார்கள் என்றால் இரண்டாவது நல்ல கடை என்று நினைத்துவிடுவோம். இடையில் சந்தையே 50 காசு ஏறியிருக்கலாம். அப்படியானால் உண்மையில் இரண்டாவது கடைதான் அதிகம் பிடிக்கிறது. நோட்டில் நடுவிலைக்கு ஒரு கட்டம் இருப்பது இதற்காகத்தான். எல்லா விலையையும் பத்து நிமிடத்துக்குள் எடுத்துவிட வேண்டும், அதே நேரத்து நடுவிலையையும் குறித்துக்கொள்ள வேண்டும்.

இரண்டாவது, புதிதாகச் சேர்கிறவர்களுக்குக் காட்டும் விலையை நம்பியது. ஒரு செயலியில் முதல் முறை நடுவிலையைவிடவும் கூடுதலாகக் கிடைத்தது. மகிழ்ந்துபோய் நான்கு பேரைச் சேர்த்துவிட்டேன். அடுத்த மாதம் அதே செயலி வெள்ளிக்கு 70 காசு குறைத்துக் கொடுத்தது. முதல் முறை கிடைத்தது சலுகை விலை. திரையில் அது சிறிய எழுத்தில் இருந்தது, நான் படிக்கவில்லை. இரண்டாம் முறை வந்த வீட்டு விலையைத்தான் இப்போது நோட்டில் ஒப்பிடுகிறோம்.

மூன்றாவது, ஞாயிற்றுக்கிழமை. எங்களில் பெரும்பாலோருக்கு அன்றுதான் விடுமுறை, தேக்கா நிரம்பி வழியும், எல்லோரும் அன்றே பணம் போடுவோம். ஆனால் நாணயச் சந்தை சனி, ஞாயிறு மூடியிருக்கும். திங்கட்கிழமை எந்த விலையில் திறக்கும் என்று கடைக்காரருக்கும் தெரியாது. அந்த ஆபத்துக்கும் சேர்த்து அவர் விலையைச் சற்றுக் குறைத்தே வைப்பார். ஒரே கடையை ஆறு ஞாயிற்றுக்கிழமைகளும் ஆறு செவ்வாய்க்கிழமைகளும் குறித்துப் பார்த்தேன். ஞாயிறன்று நடுவிலைக்கும் கடை விலைக்கும் உள்ள இடைவெளி ஒவ்வொரு முறையும் 10 முதல் 25 காசு வரை கூடுதலாக இருந்தது. இப்போது செவ்வாய்க்கிழமை வேலை முடிந்து வந்து கட்டிலில் உட்கார்ந்தபடி செயலியில் போட்டுவிடுகிறேன். தேக்காவுக்கு இன்னும் போகிறேன், பணம் போட அல்ல.

வங்கி வழியாக அனுப்பியதில் நேர்ந்தது வேறு வகை. வீட்டுக்கு அஸ்திவாரம் போட்ட வருடம், பெரிய தொகை என்பதால் வங்கிதான் பத்திரம் என்று நினைத்து, 3,000 வெள்ளியை வெள்ளியாகவே, வயர் டிரான்ஸ்ஃபர் என்கிற வங்கிக் கம்பி மாற்றல் வழியாக அனுப்பினேன். இங்கே கட்டணம் 30 வெள்ளி. படிவத்தில் OUR, SHA என்று இரண்டு பெட்டி இருந்தன. எது என்று கேட்காமல் SHA பெட்டியில் குறியிட்டேன். SHA என்றால் செலவை அனுப்புகிறவரும் பெறுகிறவரும் பகிர்ந்துகொள்வது என்று பொருள். நடுவில் பணத்தைக் கைமாற்றிக் கொடுக்கும் வங்கி தன் பங்கைத் தொகையிலிருந்தே எடுத்துக்கொள்ளும். அது 25 வெள்ளி எடுத்துக்கொண்டது. ஊர் வங்கிக்குப் போய்ச் சேர்ந்தது 2,975 வெள்ளி. அன்று நடுவிலை 55 ரூபாய். ஊர் வங்கி வாங்கிய விலை 54 ரூபாய் 10 காசு. அதன்பின் நாணயம் மாற்றியதற்கான ஜிஎஸ்டி சுமார் 235 ரூபாய். கணக்கில் ஏறியது 1,60,713 ரூபாய். நான் கொடுத்த 3,030 வெள்ளியால் வகுத்தால் வீட்டு விலை 53 ரூபாய் 4 காசுதான். நடுவிலையில் போயிருந்தால் 1,66,650 வந்திருக்கும். ஏறக்குறைய 5,900 ரூபாய் நான்கு இடங்களில் சிறுகச் சிறுகக் கரைந்துவிட்டது. அன்று அது ஒரு கொத்தனாருக்குப் பல நாள் கூலி.

அந்த ஜிஎஸ்டி பற்றிப் பலருக்குத் தெரியாது, நானும் அன்றுதான் அறிந்தேன். வெளிநாட்டுப் பணம் நம் நாட்டு வங்கியில் ரூபாயாக மாறும்போது, மாற்றும் சேவைக்கு இந்த வரி. முழுத் தொகைக்கும் வரி இல்லை. 1 லட்சம் ரூபாய் வரை தொகையின் நூற்றில் ஒரு பங்கை, குறைந்தது 250 ரூபாயை, சேவையின் மதிப்பாக எடுத்து அதற்கு 18 சதவீதம் போடுவார்கள். 50,000 ரூபாய்க்கு 90 ரூபாய் வரும். இங்கேயே ரூபாயாக மாற்றி அனுப்பும் கடை, செயலி வழியில் என் மனைவியின் கணக்கில் இந்த வரி பிடித்து நான் பார்த்ததில்லை. வங்கி வழியாக அனுப்புகிறவர் எந்த நாணயத்தில் அனுப்புகிறோம், மாற்றம் எந்த ஊரில் நடக்கிறது என்று முதலில் கேட்க வேண்டும். பல வங்கிகளின் செயலியிலேயே ரூபாயாக மாற்றி அனுப்பும் வேறொரு வழியும் இருக்கிறது. அதன் செலவு கம்பி மாற்றலைப் போல இருப்பதில்லை.

கையில் ரொக்கமாகப் பெறும் வழிக்கும் ஓர் இடம் உண்டு. கஜா புயல் 2018 நவம்பர் 16ஆம் தேதி கரையைக் கடந்தபோது எங்கள் வீட்டுக் கூரை போனது. தென்னைகள் விழுந்தன. அவசரம் என்று ரொக்கமாகப் பெறும் வழியில் 20,000 ரூபாய்க்குப் பணம் போட்டேன், பத்தே நிமிடத்தில் எடுக்கலாம் என்றார்கள். விலை மிகவும் குறைவு, கட்டணமும் தனி. நான் எதையும் பார்க்கவில்லை. ஆனால் ஊரில் மின்சாரம் இல்லை, பணம் கொடுக்கும் முகவர் கடை திறக்கவில்லை. மனைவி இரண்டு நாள் அலைந்துவிட்டு அவள் அண்ணனிடம் கைமாற்று வாங்கினாள். வேகத்துக்கு விலை கொடுப்பதற்கு முன், அந்தக் கடைசிக் கடை திறந்திருக்கிறதா என்று வீட்டிலிருந்து ஒருவர் பார்த்துச் சொல்ல வேண்டும். இந்த வழிக்கு ரிசர்வ் வங்கி வைத்திருக்கும் வரம்பையும் தெரிந்துகொள்ளலாம்: ஒரு முறைக்கு 2,500 அமெரிக்க டாலர், ஒருவருக்கு வருடத்தில் 30 முறை, ரொக்கமாக 50,000 ரூபாய் வரைதான்.

பணம் திரும்பி வந்தால் இரண்டு பக்கமும் அடி. வங்கிகள் 2020 ஏப்ரலில் ஒன்றோடொன்று இணைந்த பிறகு பல கிளைகளின் ஐஎஃப்எஸ்சி எண் மாறியது. அக்காவின் கிளையும் அதில் ஒன்று. செயலியில் பழைய எண்ணே பதிவாகியிருந்ததை நான் கவனிக்கவில்லை. அனுப்பிய 500 வெள்ளி ஆறு நாள் கழித்து 486 வெள்ளியாகத் திரும்பியது. போகும்போது வெள்ளியை ரூபாயாக்கி ஒரு வித்தியாசம், திரும்பும்போது ரூபாயை வெள்ளியாக்கி மறுபடி ஒரு வித்தியாசம். பெயர் பொருந்தாவிட்டாலும் இதே கதைதான். நம் ஊர்ப் பெயர்களில் தலைப்பெழுத்து ஓரிடத்தில் முன்னாலும் ஓரிடத்தில் பின்னாலும் இருக்கும். ஆதாரில் அப்பா பெயர் முழுதாக இருக்கும், வங்கிப் புத்தகத்தில் ஓர் எழுத்து மட்டும் இருக்கும். புத்தகத்தின் முதல் பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லி, அதில் உள்ளதை எழுத்து மாறாமல் அப்படியே பதிய வேண்டும். புதிய வழி எதுவானாலும் முதலில் சிறு தொகை போட்டுப் பார்ப்பேன். அதன் கட்டணத்தை வீண் என்று நினைப்பதில்லை.

விலை ஏறட்டும் என்று பணத்தைப் பிடித்து வைப்பவர்கள் அறையில் இருக்கிறார்கள். நானும் இருந்தேன். மேட்டூர் திறந்து குறுவைக்கு உழவு தொடங்கும் நேரத்தில் மனைவி நகையை வைத்து 50,000 ரூபாய் வாங்கியிருந்தாள், வட்டி வருடத்துக்கு 9 சதவீதம். நான் இங்கே 800 வெள்ளியைக் கையில் வைத்துக்கொண்டு 20 நாள் காத்திருந்தேன். விலை 30 காசு ஏறியது. 240 ரூபாய் கூடுதல் என்று பெருமையாகச் சொன்னேன். "இருபது நாள் வட்டி 247 ரூபாய்" என்றாள். வீட்டில் வட்டி ஓடிக்கொண்டிருந்தால் காத்திருப்பதற்கும் தினமும் ஒரு கட்டணம் உண்டு. அந்தக் கடனுக்கு அது ஒரு நாளைக்கு 12 ரூபாய்க்கு மேல். விலை ஏறும் என்று உறுதியாகச் சொல்ல யாராலும் முடியாது, வட்டி ஏறுவது உறுதி.

உரிமம் இல்லாதவர்கள் ரகசியமாகப் பணம் அனுப்பித் தரும் உண்டியலைப் பற்றிச் சொல்லாமல் முடிக்க முடியாது. வீட்டு விலையை மட்டும் பார்த்தால் பல நாட்களில் உண்டியல்தான் முதலிடம். நடுவிலைக்கு மேலும் கொடுப்பார்கள், கட்டணமும் கிடையாது. அதனால்தான் என் நோட்டில் அதை எழுதக்கூடாது என்று முடிவு செய்தேன். அது சட்டவிரோதம் என்பது ஒன்று. அதைவிட நெருக்கமாக நான் பார்த்தது எங்கள் தெருவில் நடந்தது. இப்போதெல்லாம் உண்டியல்காரர்கள் ரொக்கம் கொண்டுவருவதில்லை, யாரோ ஒருவர் கணக்கிலிருந்து நம் கணக்குக்கு மாற்றிவிடுகிறார்கள். அப்படி ஒரு வீட்டுக்கு வந்த 40,000 ரூபாய், வேறெங்கோ ஒருவரை ஏமாற்றி எடுத்த பணம். வட மாநிலம் ஒன்றின் சைபர் குற்றப் பிரிவு அந்தக் கணக்கை முடக்கியது. சம்பா அறுவடை நேரம், நெல் போட்ட பணமும் அதே கணக்கில்தான் இருந்தது. அதை எடுக்க முடியாமல் அறுப்பு இயந்திர வாடகைக்கு அவர்கள் கடன் வாங்கினார்கள். அனுப்பியவர் கையில் ரசீது இல்லை, சம்பளப் பணம் என்று காட்ட ஒரு தாளும் இல்லை. கணக்கு திறக்கப் பல மாதம் ஆனது. கடையானாலும் செயலியானாலும் சிங்கப்பூர் நாணய ஆணையத்தின் இணையதளத்தில் உரிமம் பெற்றவர்கள் பட்டியல் இருக்கிறது. அதில் பெயர் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் வீட்டு விலையை ஒப்பிடத் தொடங்குகிறேன்.

2023 பிப்ரவரி 21 முதல் சிங்கப்பூரின் பேநவ் வழியையும் நம் யுபிஐ வழியையும் இணைத்திருக்கிறார்கள். பங்கேற்கும் வங்கிகளில் கணக்கு இருந்தால் நொடிகளில் போகும். தொடங்கியபோது ஒரு நாளைக்கு 60,000 ரூபாய் வரை என்று வரம்பு வைத்தார்கள். வேகம் நல்ல விஷயம். அதிலும் அனுப்புவதற்கு முன் திரையில் வரும் ரூபாயை, போகும் வெள்ளியால் வகுத்துப் பார்த்துத்தான் தீர்மானிக்க வேண்டும். யுபிஐ என்றதும் கட்டணமில்லை என்று நினைத்துவிடுகிறோம். அதிலும் வெள்ளி ரூபாயாக மாறுகிறது.

போன மாதம் மனைவி நோட்டைப் படம் எடுத்து அனுப்பியிருந்தாள். மூன்று வழிகளின் வரிசை மாறியிருந்தது. நான் விட்டுவிட்டு வந்த அந்தப் பழைய கடை, தீபாவளிக்காக விலையை ஏற்றிப் போட்டு முதலிடத்துக்கு வந்திருந்தது. இந்தச் செவ்வாய்க்கிழமை, செயலியைத் திறப்பதற்கு முன் அந்தக் கடைக்குத் தொலைபேசியில் விலை கேட்டேன். பத்து நிமிடத்துக்குள் இரண்டையும் வகுத்துப் பார்த்தேன். கடை 14 காசு கூடுதல். வேலை முடிந்ததும் பஸ் பிடித்துத் தேக்காவுக்குப் போய் 900 வெள்ளி போட்டேன். 126 ரூபாய் மிச்சம், பஸ் கட்டணத்தைக் கழிப்பதற்கு முன்.